அந்தப் பதினைந்து நாளை யார் சுமப்பது?

கோவை கணபதி, பீளமேடு பக்கம் போனால் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. இரண்டு மூன்று மெஷின், நான்கைந்து ஆட்கள். இவர்களிடம் ஷாஃப்ட் வாங்கி மோட்டார் பம்ப் பூட்டி விற்பவர்களிலும் பலர் சிறிய ஆட்கள்தான். பெரிய கம்பெனி பணத்தை இழுத்தடிக்கிறது என்று புகார் சொல்ல ஒரு துறை, ஒரு சட்டம், ஒரு தளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வாங்குகிறவரும் நம்மைப் போலவே சின்னவராக இருந்தால்? “முப்பது நாள் தவணையைப் பதினைந்தாக்கிக்கொள்ளலாமா?” என்று அவரிடம் எப்படிக் கேட்பது, என்ன நியாயம் சொல்லிக் கேட்பது?

பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். “கொஞ்சம் டைட்டா இருக்குங்க”, “வீட்டில் ஒரு விசேஷம் வருது” என்று ஆரம்பிக்கிறார்கள். கஷ்டத்தைச் சொன்னால் ஒரு பில்லுக்குப் பணம் கிடைக்கும்; தவணை மாறாது. விசேஷம் முடிந்ததும் காரணமும் முடிந்துபோகிறது. தவணையை நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால், மாதாமாதம் திரும்பத் திரும்ப வருகிற காரணம் வேண்டும். அது எதிராளியும் பேப்பரில் போட்டுச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே கேட்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பட்டறையின் கணக்கு

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பட்டறைக்கு உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

பட்டறை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பம்ப் யூனிட்டுக்கு 50,000 ரூபாய்க்கு ஷாஃப்ட் அனுப்புகிறது. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் பில் 59,000. பேச்சு முப்பது நாள். வாரக் கணக்கில் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் லெட்ஜரைத் திறந்தாலும் அந்தப் பார்ட்டி பெயரில் நான்கு பில், அதாவது 2,36,000 ரூபாய் நிற்கும்.

இதைப் பதினைந்து நாளாக்கினால் இரண்டு பில்தான் நிற்கும்: 1,18,000. மிச்ச 1,18,000 பட்டறைக்குள் வந்துவிடும். அது ஒரே ஒரு முறை வருகிற பணம். அதற்குப் பிறகு வாரம் ஒரு பில் போகிறது, வாரம் ஒரு பில்லுக்குப் பணம் வருகிறது. வரவில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதேபோல் பம்ப் யூனிட்காரருக்கும் மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை 1,18,000 ரூபாயைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

“பதினைந்து நாளில் கட்டுங்க” என்று கேட்டதும் அவர் காதில் விழுவது “எப்போதும் அவசரமாகக் கட்டிக்கொண்டே இரு” என்பதுதான். “மொத்தமே ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்தான் விஷயம், அதையும் பிரித்துக் கட்டலாம்” என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பணம் இங்கே புதிதாக முளைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இதுவரை அந்த 1,18,000 ரூபாயைப் பட்டறைக்காரர் தன் ஓவர்டிராஃப்டில் சுமந்தார். இனி பம்ப் யூனிட்காரர் சுமக்கப் போகிறார். 12 சதவீத வட்டியில் வருடத்துக்கு 14,160 ரூபாய், வாரத்துக்குச் சுமார் 272 ரூபாய். இந்த 272 ரூபாயை யார் கட்டுவது என்பதே பேச்சின் உண்மையான விஷயம். இதைத் தெரியாததுபோல் கேட்டால் எந்தக் காரணமும் நியாயமாகாது.

நிற்கிற காரணங்கள்

முதல் காரணம், வாங்குகிற தவணைக்கும் கொடுக்கிற தவணைக்கும் உள்ள இடைவெளி. நம் பட்டறை வாரம் 400 கிலோ இரும்பு ராடு எடுக்கிறது. கிலோ 68 ரூபாய் என்றால் 27,200; வரியோடு 32,096. இரும்புக் கடைக்காரர் பதினைந்து நாள்தான் தருகிறார். நாம் முப்பது நாள் தருகிறோம். நடுவில் இருக்கிற பதினைந்து நாளைத்தான் ஓவர்டிராஃப்ட் தாங்குகிறது. “எனக்கு எத்தனை நாள் கிடைக்கிறதோ அதையே உங்களுக்குத் தருகிறேன்” என்பது யாருக்கும் புரிகிற நியாயம். தேவைப்பட்டால் கடைக்காரர் பில்லில் அச்சாகியிருக்கும் தவணையைக் காட்டலாம்.

இரண்டாவது, கூலி. பட்டறையில் சம்பளம் வாராவாரம் போகிறது. ஷாஃப்டைக் கடைந்தவருக்கு அந்தச் சனிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது. அதற்கான பணம் நான்கு சனிக்கிழமை கழித்து வருகிறது. இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. அவரும் சம்பளம் போடுகிறவர்தான்.

மூன்றாவது ஜிஎஸ்டி. இதைத்தான் பலர் ஊதிப் பெரிதாக்கிச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான வரியை, மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூன் 25-ஆம் தேதி போட்ட பில்லுக்கு ஜூலை 20-க்குள் வரி. பணம் வருவதோ ஜூலை 25. ஆனால் ஜூன் 5-ஆம் தேதி பில்லுக்கு ஜூலை 5-ஆம் தேதியே பணம் வந்துவிடும். அதாவது முப்பது நாள் தவணை ஒழுங்காக நடந்தால் மாதக் கடைசியில் போட்ட ஒன்றிரண்டு பில்லுக்குத்தான் இந்தச் சிக்கல். “எல்லா வரியையும் என் கையிலிருந்து கட்டுகிறேன்” என்று சொன்னால், கணக்குத் தெரிந்தவர் அங்கேயே மடக்கிவிடுவார். அந்த 9,000 ரூபாய் வரியிலும் 4,896 ரூபாய் இரும்பு வாங்கும்போது கட்டியதாகக் கழிந்துவிடும்.

உள்ளபடி சொன்னால் இதில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நாம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிட்டால் அவருக்கு அந்தப் பில்லின் 9,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாகத் தெரியும். 20-ஆம் தேதி அவர் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்வார். ஜூன் 25-ஆம் தேதி பில்லைப் பொறுத்தவரை, நமக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் வரிச் சலுகையை அவர் எடுத்துவிடுகிறார். பதினைந்து நாள் தவணையில் ஜூன் 30-ஆம் தேதி பில்லுக்கும் ஜூலை 15-ஆம் தேதி பணம் வந்துவிடும். எல்லாப் பில்லும் வரித் தேதிக்கு முன்னால் அடங்கிவிடும். இரு தரப்புக்கும் கணக்கு நேராகிறது.

அவருக்கு என்ன கிடைக்கும்?

சுமையை மாற்றி வைக்கிறோம் என்றால் கூலியும் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ரொக்கத்துக்கு எடுத்தால் இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்து சேர்கிற 1,18,000 ரூபாயில் கடையில் நிற்கும் இரண்டு வாரப் பாக்கி 64,192 ரூபாயைத் தீர்த்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து ரொக்கக் கொள்முதல். வாரம் 400 கிலோவுக்கு 400 ரூபாய் மிச்சம். மீதி 53,800 ரூபாய் சொச்சம் ஓவர்டிராஃப்டைக் குறைக்கிறது. அதில் வாரம் 124 ரூபாய் வட்டி மிச்சம். ஆக மொத்தம் பட்டறைக்கு வாரம் 524 ரூபாய் ஆதாயம்.

இதில் 250 ரூபாயை, அதாவது சரக்கு மதிப்பில் அரை சதவீதத்தை, பதினைந்து நாளில் கட்டும் பில்லுக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கலாம். பம்ப் யூனிட்காரரும் 12 சதவீத வட்டியில் பணம் எடுப்பவரானால் அவருக்கு ஆகும் 272 ரூபாய் செலவு கிட்டத்தட்ட ஈடாகிவிடும். பட்டறைக்கும் பாதிக்கு மேல் மிச்சம்.

“இரண்டு சதவீதம் தள்ளுபடி தருகிறேன்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது. பதினைந்து நாள் முன்னால் பணம் வருவதற்கு இரண்டு சதவீதம் கொடுத்தால், வருடக் கணக்கில் அது ஏறக்குறைய 50 சதவீத வட்டி. மீட்டர் வட்டிக்காரரிடம் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 12 சதவீத வட்டியில் பதினைந்து நாளின் விலை அரை சதவீதம். 24 சதவீதத்தில் ஒரு சதவீதம். அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். தள்ளுபடியைப் பில்லுக்குப் பிறகு கிரெடிட் நோட்டாகத் தருவதானால், அதில் வரியைத் தொடுவதா வேண்டாமா என்பதை இரு தரப்புக் கணக்கரும் முதலிலேயே ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கேட்காமல் விட வேண்டிய இடமும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அவர் மாதம் இரண்டு வட்டிக்குத் தனியாரிடம் பணம் எடுப்பவராக இருந்தால் 1,18,000 ரூபாய்க்கு வாரம் சுமார் 544 ரூபாய் ஆகும். நமக்குக் கிடைக்கும் மொத்த ஆதாயமே 524. அத்தனையையும் அவருக்கே கொடுத்தாலும் அவர் நஷ்டம் தீராது. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் பணம் மலிவாகக் கிடைக்கிற இடத்திலிருந்து விலை கூடுதலான இடத்துக்குச் சுமையைத் தள்ளியிருக்கிறோம். அவர் சம்மதித்தால்கூட அது நீடிக்காது. இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அங்கே முன்பணம் கொஞ்சம் கேட்பதோ, நிற்கும் பாக்கிக்கு உச்சவரம்பு வைப்பதோ, விலையில் பேசுவதோதான் வழி.

சட்டம் எங்கே வருகிறது?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இதில் நேரடியாகப் பேசுகிறது. விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள். ஆகவே வாய்ப்பேச்சில் ஓடும் ‘முப்பது நாள்’ சட்டத்தின் கண்ணில் முப்பது நாள் அல்ல. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது அடுத்த பிரிவு.

இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் பேச்சிலேயே எடுத்து வீசக் கூடாது. ஐந்தாறு வருடமாகச் சரக்கு எடுக்கிற சின்ன பார்ட்டியிடம் பிரிவு எண் சொன்னால் அடுத்த வாரமே வேறு பட்டறையைத் தேடுவார்.

ஆனால் அவர் நலனுக்காகவே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் மேலே சொன்ன கெடுவைத் தாண்டி மார்ச் 31-இல் பாக்கியாக நின்றால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

மார்ச் 10-ஆம் தேதி சரக்கை வைத்துப் பாருங்கள். எழுத்தில் முப்பது நாள் இருந்தால் ஏப்ரல் 9-க்குள் கட்டினால் போதும்; செலவு இந்த ஆண்டிலேயே நிற்கும். எழுத்தில் பதினைந்து நாள் என்றால் மார்ச் 25 கெடு. அதைத் தவறவிட்டு ஏப்ரல் 2-ஆம் தேதி கட்டினால் அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்; இந்த ஆண்டு லாபம் கூடுதலாகத் தெரிந்து வரி ஏறும். பதினைந்து நாளை எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர் இந்த விளைவையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. எழுத்தில் முப்பது நாள் என்றே போடலாம். பதினைந்து நாளில் கட்டினால் அரை சதவீதம் தள்ளுபடி என்று அடுத்த வரியில் சேர்க்கலாம். அவருக்கு வருமான வரிப் பாதுகாப்பு கிடைக்கிறது, நமக்குப் பணம் பதினைந்தில் வருகிறது. வாய்ப்பேச்சாக இருந்ததை எழுத்தாக்க அவருக்கே ஒரு காரணமும் கிடைக்கிறது. ஒரு நிபந்தனை: இந்தச் சட்டப் பயன் உத்யம் பதிவு உள்ள உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் பதிவு வைத்திருந்தாலும் தாமதப் பணம் பற்றிய இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது.

கேட்கிற முறை

கேட்பதற்கு முன் கடைசி ஆறு பில்லை எடுத்து, சரக்கு போன நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘முப்பது நாள் பார்ட்டி’ என்று நினைத்தவர் நாற்பத்திரண்டு நாளில் கட்டிக்கொண்டிருப்பார். சில இடங்களில் மாதம் முடிந்த பிறகுதான் முப்பது நாளை எண்ணத் தொடங்குவார்கள். 1-ஆம் தேதி போன சரக்குக்கு அறுபது நாள் ஆகிவிடும். இப்படிப்பட்டவரிடம் பதினைந்து என்று கேட்டால் பேச்சில் பதினைந்து, நடப்பில் இருபத்தேழு. முதலில் எண்ணத் தொடங்கும் நாள் எது என்பதைத் தீர்க்க வேண்டும்: சரக்கு இறங்கிய நாளா, பில் தேதியா, மாதக் கடைசியா?

ரிஜெக்‌ஷன் விஷயத்தையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். பத்து ஷாஃப்டில் அளவு தட்டினால் மொத்தப் பில்லையும் நிறுத்திவைப்பது பட்டறை வட்டாரத்தில் வழக்கம். “சரக்கு வந்து ஐந்து நாளுக்குள் ரிஜெக்‌ஷன் சொல்லிவிடுங்கள், அந்தத் தொகைக்கு மட்டும் கழித்துக்கொள்ளுங்கள், மீதி தேதியில் வந்துவிடட்டும்” என்ற ஒரு வரி இல்லையென்றால் பதினைந்து நாள் ஒப்பந்தம் முதல் ரிஜெக்‌ஷனிலேயே உடையும்.

நேரமும் பார்க்க வேண்டும். பம்புக்குக் கோடைதான் சீசன். அதற்கு முன் சரக்கு சேர்க்கும் மாதங்களில் அவர் பணம் முழுதும் ஸ்டாக்கில் கிடக்கும். டீலர்கள் பணம் திரும்பத் தொடங்கிய பிறகு கேட்டால் காது கொடுப்பார். போனில் கேட்பதைவிட நேரில் போவது நல்லது. இப்படி ஆரம்பிக்கலாம்:

“அண்ணா, பில் தவணை விஷயமா பேசணும்ங்க. எனக்கு ராடு கடையில் பதினஞ்சு நாள்தான் தர்றாங்க. நான் உங்களுக்கு முப்பது நாள் தர்றேன். நடுவுல இருக்கிறதை ஓடியில ஓட்டிட்டு இருக்கேன். அதைச் சரி பண்ணிட்டா ராடை ரொக்கத்துக்கு எடுத்துடுவேன், அதுல வர்ற மிச்சத்தை உங்களுக்கும் தர்றேன். உங்களுக்குப் பணம் எப்படி வருதுன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கலாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் மரியாதைக்காகச் சொல்வது அல்ல. அவர் டீலர் நாற்பத்தைந்து நாளில் தருகிறாரா, ரொக்க விற்பனை எவ்வளவு, எந்த வட்டிக்குப் பணம் எடுக்கிறார் என்பது தெரிந்தால்தான் மேலே போட்ட கணக்கை முடிக்க முடியும். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு, ஒரேயடியாக 1,18,000 கட்டச் சொல்லாமல் எட்டு வாரத்தில் பிரித்துக் கேட்கலாம். வாரம் வழக்கமான 59,000 ரூபாயோடு 14,750 சேர்த்து 73,750. ஒன்பதாவது வாரத்தில் லெட்ஜரில் இரண்டு பில்தான் நிற்கும். அன்றிலிருந்து அவர் கட்ட வேண்டியது பழையபடி வாரம் ஒரு பில், அதிலும் 250 ரூபாய் குறைவாக.

பேசி முடித்த அன்றைக்கே வாட்ஸப்பில் நாலு வரி போதும்:

“இன்று பேசியபடி: பில் தவணை 30 நாள். சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் கட்டும் பில்லுக்குச் சரக்கு மதிப்பில் அரை சதவீதம் தள்ளுபடி. பழைய பாக்கியைக் குறைக்க 8 வாரத்துக்கு வாரம் 14,750 ரூபாய் கூடுதல். ரிஜெக்‌ஷன் 5 நாளுக்குள் தெரிவிக்கவும். அந்தத் தொகை மட்டும் கழியும். மூன்று மாதம் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் சரிப்பட்டால் தொடரலாம்.”

இதையே அடுத்த பில்லிலும் அச்சிட்டு, அவர் முத்திரையோடு ஒரு நகல் வாங்கிவைத்தால் எழுத்து ஒப்பந்தத்துக்கு நல்ல ஆதாரம்.

மூன்று மாதம் கழித்து

எட்டு வாரமும் 73,750 தவறாமல் வந்திருந்தால் விஷயம் முடிந்தது. இரண்டு மூன்று வாரம் வந்துவிட்டு, பிறகு 20,000, 30,000 என்று ரவுண்டாகத் துண்டு துண்டாக வரத் தொடங்கினால், எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் ‘கணக்கில் வரவு’ என்று வந்தால், அவருக்குத் தவணை பிரச்சனை இல்லை, பணமே இல்லை. அங்கே பதினைந்தா முப்பதா என்று வாதாடுவதில் பயனில்லை. அடுத்த லோடை எவ்வளவு பாக்கிக்கு மேல் அனுப்பக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் அது.

பணம் சரியாக வந்துகொண்டே ஆர்டர் மெல்லக் குறைந்தால், வேறொரு பட்டறை அவருக்குப் பழைய முப்பது நாளைத் தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 274 ரூபாய் நிகர ஆதாயத்துக்காக 50,000 ரூபாய் ஆர்டரில் பாதியை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்த இடத்தில் தவணையைப் பழையபடி விட்டுக்கொடுப்பதும், தள்ளுபடி என்னும் வாசலை மட்டும் திறந்துவைப்பதும் வியாபாரம்தான். எந்த வாரம் அவர் கையில் பணம் இருக்கிறதோ அந்த வாரம் அரை சதவீதத்துக்காகப் பதினைந்தில் கட்டுவார். இல்லாத வாரம் முப்பதில் கட்டுவார். எழுதிவைத்த வரியை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது.